வெட்டுவதா, அடுக்குவதா?

கண்டி நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தமிழ் மொழி மூலப் பாடசாலைகளில் கணிதம் கற்பிக்கும் உங்களிடம் ஒரேயொரு பயிற்சித்தாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காரணி, மடங்கு, வகுபடும் தன்மை ஆகிய மூன்றையும் வசனக் கணக்குகளாக மாற்றிச் சிறுவர்களின் கையில் கொடுக்கும் தாள் அது. அதில் அடிக்கடி வரும் ஒரு வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு மண்டபத்தின் தரை 540 சென்ரிமீற்றர் நீளமும் 420 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. ஒரே அளவான சதுர டைல்களை வெட்டாமல், இடைவெளி விடாமல் பதித்து அதை மூட வேண்டும். ஆகக் குறைந்தது எத்தனை டைல்கள் தேவை?

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "ஆகக் குறைந்தது" என்ற சொல்லைக் கண்டதும், குறைந்தது என்றால் சிறியது, சிறியது என்றால் பொது மடங்குகளுட் சிறியது என்று எண்ணி 540க்கும் 420க்கும் பொ.ம.சி. காண்கிறார்கள். 3780 வருகிறது. பெருக்கலில் பிழையே இல்லை. ஆனால் 3780 சென்ரிமீற்றர் என்றால் 37.8 மீற்றர். அத்தனை பெரிய டைல் அந்த மண்டபத்தின் வாசலுக்குள்ளேயே நுழையாது. சரியான வழி பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண்பது. அது 60. டைல் பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை குறையும். ஆகவே ஆகப்பெரிய டைலைக் கண்டால் ஆகக் குறைந்த எண்ணிக்கை தானாக வந்துவிடும். நீளப்பக்கம் 9, அகலப்பக்கம் 7, மொத்தம் 63 டைல்கள். இந்தப் பிழையைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை தனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகவே செய்திருக்கிறது. சொல்லிக்கொடுத்த விதியில்தான் கோளாறு.

அந்த விதி எது என்பது உங்களுக்குத் தெரியும். வினாவில் "மிகப்பெரிய", "அதிகூடிய" என்று வந்தால் பொ.கா.பெ.; "மிகச்சிறிய", "மீண்டும் ஒன்றாக", "குறைந்தது" என்று வந்தால் பொ.ம.சி. இது கரும்பலகையில் பெட்டி போட்டு எழுதப்படுகிறது, கொப்பியில் அடிக்கோடிடப்படுகிறது. டைல் கணக்கு இதை ஒரு பக்கத்தால் உடைக்கிறது. மறுபக்கத்தால் உடைக்கவும் ஒரு கணக்கு உண்டு: 12 ஆலும் 18 ஆலும் மீதியின்றி வகுபடும் மிகப்பெரிய மூவிலக்க எண் எது? "மிகப்பெரிய" என்று இருக்கிறது. ஆனால் வேண்டியது பொ.ம.சி. அது 36. மூவிலக்கத்துக்குள் அடங்கும் அதன் கடைசி மடங்கு 972. சொல்லைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை 6 என்று எழுதிவிட்டு, அது மூவிலக்கமாகவே இல்லையே என்று திகைத்து நிற்கும்.

கோளாறு பெயர்களிலேயே தொடங்குகிறது. பொதுக் காரணிகளுட் பெரியது என்கிறோம். ஆனால் அது தந்த எண்கள் எதையும் மிஞ்சுவதே இல்லை. பொது மடங்குகளுட் சிறியது என்கிறோம். அது தந்த எண்கள் எதற்கும் குறைவதே இல்லை. பெயரில் பெரியது உள்ளது சிறிய விடையையும், பெயரில் சிறியது உள்ளது பெரிய விடையையும் தருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு என்று எழுதினாலும் இதே சிக்கல்தான். காரணி, மடங்கு என்ற சொற்களில்தான் பொருள் இருக்கிறது. பெரியது, சிறியது என்பவை அவற்றுக்கு ஒட்டிய அடைகள். பிள்ளையின் கண்ணோ அடையில்தான் முதலில் விழுகிறது.

ஆகவே என் வாதம் இது. இந்தக் கணக்குகளைச் சொற்களைக் கொண்டு பிரிக்கக்கூடாது. செயலைக் கொண்டு பிரிக்க வேண்டும். தந்த எண்ணை நாம் வெட்டுகிறோமா, அடுக்குகிறோமா? இந்த ஒரு கேள்வி போதும். தரையின் நீளத்தைச் சம துண்டுகளாக வெட்டுகிறோம், டைலின் பக்கம் நீளத்தை விடச் சிறியது, ஆகவே காரணி. பஸ் புறப்படும் இடைவெளியை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறோம், இரண்டு பஸ்களும் மீண்டும் ஒன்றாகப் புறப்படும் நேரம் அந்த இடைவெளிகளுக்குக் குறையாது, ஆகவே மடங்கு. 12 ஆல் வகுபடும் எண் என்றால் 12களை அடுக்கிக் கட்டிய எண். வினாவில் மிகப்பெரிய என்று இருந்தாலும் மிகச்சிறிய என்று இருந்தாலும் அது அடுக்கல்தான்.

வெட்டுதல் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. கடதாசியில் 54 கட்டம் நீளமும் 42 கட்டம் அகலமும் கொண்ட செவ்வகம் வரைந்து, உண்மையாகவே வெட்டிப் பார்க்கலாம். ஒரு கட்டம் 10 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 540க்கு 420 தரையிலிருந்து முதலில் 420 பக்கமுள்ள ஒரு பெரிய சதுரத்தை வெட்டி எடுங்கள். 120க்கு 420 பட்டை ஒன்று மிஞ்சும். அதிலிருந்து 120 பக்கமுள்ள மூன்று சதுரங்கள் கிடைக்கும். மிஞ்சுவது 120க்கு 60. அது 60 பக்கமுள்ள இரண்டு சதுரங்களாகத் துல்லியமாகப் பிரிந்து, ஒன்றுமே மிஞ்சாது. கடைசியாக வெட்டிய சதுரந்தான் விடை. 60 டைல் அந்தக் கடைசிப் பட்டையில் சரியாகப் பொருந்துகிறது, அதனால் அதற்கு முந்தைய 120 சதுரங்களிலும் பொருந்துகிறது, அதனால் 420 சதுரத்திலும் பொருந்துகிறது. காரணிப்படுத்தல் தெரியாத பிள்ளைக்கும் இது கைக்குள் அகப்படும். யூக்ளிட் தம் மூலகங்கள் நூலின் ஏழாம் பகுதியைத் தொடங்கி வைப்பதும் இந்தத் தொடர் கழித்தலைக் கொண்டுதான். முதன்மைக் காரணிகளைத் தேடி எண்ணைச் சிதைக்கும் முறையை மட்டுமே நாம் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பரீட்சையில் நேரம் குறைவு, பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லைப் பிடிக்கும் விதி ஒரு கைத்தடி, அதைப் பறிக்கலாமா? கைத்தடி தேவைதான். ஆனால் "விடை தந்த எண்ணை விடப் பெரிதாக வருமா, சிறிதாக வருமா?" என்று கேட்பதும் அதே அளவு சிறிய விதிதான், மனப்பாடம் செய்யவும் எளிது. வேறுபாடு ஒன்றே: சொல்லைப் பிடிக்கும் விதி வினாவை அமைத்தவரின் வார்த்தைத் தேர்வை நம்பி நிற்கிறது, இந்தக் கேள்வி நிலைமையை நம்பி நிற்கிறது. வினாவை அமைப்பவர் ஒரு சொல்லை மாற்றினால் முன்னது விழும். அத்துடன் இந்தக் கேள்வி கணக்கைச் செய்து முடித்த பிறகும் பயன்படும். 37.8 மீற்றர் டைலைக் கண்டதும் பிள்ளையே தன் விடையைக் கிழித்துப் போடும். ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு பொ.கா.பெ., பொ.ம.சி. என்ற பெயர்கள் தேவையே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவை இடைநிலை வகுப்புகளில் வந்து சேரட்டும். 12, 24, 36 என்றும் 18, 36 என்றும் இரண்டு வரிசை எழுதத் தெரிந்தால் போதும்.

வகுபடும் விதிகளுக்கு வருவோம். இவற்றைத் தனி அத்தியாயமாகக் கற்பித்துவிட்டு மூடிவைக்கிறோம், பொ.ம.சி.யோடு அவற்றுக்குள்ள உறவு வெளியே தெரிவதில்லை. ஒரு கடையில் 2748 கொப்பிகள் இருக்கின்றன. 24 கொப்பி கொண்ட கட்டுகளாகக் கட்டினால் மிஞ்சுமா? பிள்ளை விதிகளைப் போட்டுப் பார்க்கிறது. கடைசி இரண்டு இலக்கங்கள் 48, ஆகவே 4 ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 21, அது 3 ஆல் வகுபடும். எண்ணும் இரட்டை, ஆகவே 6 ஆல் வகுபடும். நாலாறு இருபத்து நாலு; ஆகவே 24 ஆலும் வகுபடும், மிஞ்சாது. ஒவ்வொரு படியும் சரி, முடிவு மட்டும் பிழை. 114 கட்டுகள் கட்டிய பின் 12 கொப்பிகள் மிஞ்சும். 4க்குள் இரண்டு 2கள் இருக்கின்றன. 6க்குள் ஒரு 2 இருக்கிறது. அந்த ஒரு 2 புதிதல்ல, 4க்குள் ஏற்கெனவே எண்ணப்பட்ட அதே 2தான். ஒரே சாட்சி இரண்டு தடவை கூண்டில் ஏறியதை இரண்டு சாட்சிகள் என்று கொண்டுவிட்டோம். 4 ஆலும் 6 ஆலும் வகுபடும் எண் எந்த எண்ணால் கட்டாயம் வகுபடும் என்றால் அவற்றின் பொ.ம.சி.யான 12 ஆல். அதற்குமேல் உத்தரவாதம் கிடையாது. 24ஐச் சோதிக்க 3ஐயும் 8ஐயும் எடுக்க வேண்டும். அவற்றுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. 1000 என்பது 8 இன் 125 மடங்கு என்பதால் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தால் போதும்: 748ஐ 8 ஆல் வகுக்க 4 மிஞ்சுகிறது. அங்கேயே முடிந்தது. 6க்கு 2உம் 3உம் பார்க்கும் விதி ஏன் சரி, 12க்கு 2உம் 6உம் பார்ப்பது ஏன் பிழை என்பதற்கெல்லாம் இதுதான் காரணம். சிறு பிள்ளைக்கு இது கனமான விஷயம் என்பீர்கள். பொதுக் காரணி இல்லாத எண்கள் என்ற பேச்சு கனமானதுதான், 12ஐ எழுதிக் காட்டி, "4 ஆலும் வகுபடுகிறது, 6 ஆலும் வகுபடுகிறது, 24 ஆல் வகுபடுகிறதா?" என்று கேட்பது கனமானதல்ல.

பஸ் கணக்கில்தான் எனக்கு மிகப்பெரிய குறை. கண்டியிலிருந்து பேராதனைக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், கட்டுகஸ்தோட்டைக்கு 18 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். காலை 6.00 மணிக்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டால் மீண்டும் எப்போது ஒன்றாகப் புறப்படும்? 6.36. இதிலேயே ஒரு சிறு பொறி உண்டு: 6.00 தொடக்கம் 9.00 வரை எத்தனை தடவை என்று கேட்டால், 180ஐ 36 ஆல் வகுத்து 5 என்பார்கள், முதல் 6.00ஐயும் சேர்த்தால் 6. இடைவெளிகளை எண்ணுவது ஒன்று, தருணங்களை எண்ணுவது வேறொன்று. அதை இத்தோடு விடுகிறேன். நான் குறிப்பாகப் பேச விரும்புவது, எல்லாப் பயிற்சித்தாள்களிலும் நிழல்போல் கூட வரும் அந்த நிபந்தனையைப் பற்றி: "இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டால்." அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எந்தத் தாளும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். பேராதனை பஸ் 6.00 மணிக்கும் கட்டுகஸ்தோட்டை பஸ் 6.04க்கும் தொடங்குகின்றன. 6.00 மணியிலிருந்து நிமிடங்களை எண்ணினால் முதலாவது 0, 12, 24, 36, 48, 60 என்று போகும். இரண்டாவது 4, 22, 40, 58, 76 என்று போகும். வரிசையை எவ்வளவு நீட்டினாலும் இரண்டும் சந்திப்பதில்லை. 22இலும் 24இலும், மறுபடி 58இலும் 60இலும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் நெருங்கி வந்து விலகிவிடுகின்றன. ஏன்? 12க்கும் 18க்கும் பொ.கா.பெ. 6. முதல் வரிசையில் உள்ள எல்லா எண்களும் 6 ஆல் வகுபடுகின்றன. இரண்டாவது வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் 6 ஆல் வகுத்தால் 4 மிஞ்சுகிறது; 18 வீதம் கூட்டிக்கொண்டே போனாலும் அந்த மீதி மாறாது. 6 ஆல் வகுபடும் எண்ணும், வகுத்தால் 4 மிஞ்சும் எண்ணும் ஒன்றாக முடியாது. இப்போது இரண்டாவது பஸ்ஸை 6.06க்குத் தள்ளுங்கள். 6, 24, 42, 60 என்று வரும். 6.24க்குச் சந்திப்பு, அடுத்தது 7.00க்கு, பின் 36 நிமிடத்துக்கு ஒரு தடவை. பாருங்கள், அடுக்கல் கணக்கு என்று நாம் ஒதுக்கிய பஸ் கணக்குக்குள் வெட்டல் கணக்கு ஒளிந்திருந்திருக்கிறது. சந்திப்பு உண்டா இல்லையா என்பதை பொ.கா.பெ. தீர்மானிக்கிறது, உண்டென்றால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை என்பதை பொ.ம.சி. தீர்மானிக்கிறது. "ஒன்றாகப் புறப்பட்டால்" என்று எழுதிய கணமே முதலாவது கேள்விக்கு விடை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பிள்ளைக்கு அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாமல் போகிறது.

இது பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட விசித்திரம் அல்ல. கி.பி. 499இல் ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்தில் இந்த வகைக் கணக்குக்கு வழி இருக்கிறது: ஓர் எண்ணை ஒன்றால் வகுத்தால் இவ்வளவு மீதி, இன்னொன்றால் வகுத்தால் இவ்வளவு மீதி, அந்த எண் எது? குட்டகம் என்று பெயர்பெற்ற அந்த முறை, மேலே நாம் தரையை வெட்டியதுபோலத் தொடர்ந்து வகுத்து எண்களைப் பொடியாக்கிக்கொண்டே போகிறது. கோள்கள் மீண்டும் ஒரே நிலைக்கு வருவதைக் கணிக்க வானியலாளருக்கு அது தேவைப்பட்டது. கோள்கள் நம் வசதிக்காக ஒன்றாகப் புறப்படுவதில்லை அல்லவா.

இன்னொரு மறுப்பு இருக்கிறது, இது பெற்றோரிடமிருந்து வருவது. இவை அன்றாட வாழ்க்கைக் கணக்குகளே அல்ல. எந்தப் பஸ் குறித்த நிமிடத்தில் புறப்படுகிறது, எந்த மேசன் பொ.கா.பெ. கண்டு டைல் பதிக்கிறார்? உண்மைதான். மேசன் டைல்களுக்கிடையே இடைவெளி விடுகிறார். 3 மில்லிமீற்றர் விட்டாலும் 9 டைல்களுக்கிடையே 8 இடைவெளிகள், மொத்தம் 24 மில்லிமீற்றர். கடைசி டைலை வெட்டியே ஆக வேண்டும். ஆனால் இதற்காகக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கணக்கு எதை வைத்து நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். நாம் அடுக்கும் இடைவெளிகள் முழு எண்களாகவும் மாறாதவையாகவும் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை குலைந்தால் பொ.ம.சி. குலையும். அது குலைந்தபோது என்ன நடந்தது என்பதற்குக் கற்பனை உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்த நாடே ஒரு தடவை அதற்குள் வாழ்ந்து பார்த்திருக்கிறது.

1966இல் இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறை நிறுத்தப்பட்டது. பதிலாக, அமாவாசை, முழுமதி, இடைப்பட்ட இரண்டு அரைமதி நாட்கள் ஆகிய நான்கு போயா தினங்களும் ஒவ்வொன்றுக்கும் முந்திய நாளும் விடுமுறையாயின. பாடசாலையும் கந்தோரும் ஞாயிற்றுக்கிழமையில் இயங்கின. தலதா மாளிகை இருக்கும் இந்த நகரில் போயாவின் சமயப் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. நான் பார்ப்பது அதன் எண்ணை. சந்திர மாதம் ஏறக்குறைய 29½ நாள். அதை நான்கால் வகுத்தால் 7 வருவதில்லை, 7⅜ வருகிறது. ஆகவே வேலை வாரம் ஒரே நீளமாக இருக்க முடியவில்லை. அரை நாளை ஒழிக்க இரண்டு மாதங்களைச் சேர்த்து 59 நாள் என்று கொண்டால், அதற்குள் எட்டுப் போயா வாரங்கள். எல்லாம் 7 நாள் என்றால் 56 தான், 3 நாள் மிஞ்சும். சராசரியாக ஐந்து வாரங்கள் 7 நாளாகவும் மூன்று வாரங்கள் 8 நாளாகவும் இருந்தால்தான் 59 நிரம்பும். ஞாயிறு தொடங்கிச் சனி முடிய எண்ணும் உலகத்தோடு வணிகம் செய்யும் நாட்டில், இன்றைக்கு வங்கி திறந்திருக்குமா என்று நாட்காட்டியைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது. 1971இல் பழைய வாரம் திரும்பி வந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். 59 என்பது 7 ஆல் வகுபடாது என்ற தடை மட்டும் எந்த அரசாங்கத்தாலும் நீக்க முடியாதது.

இதையே பயிற்சித்தாள் வினாவாக்கலாம். இன்றைய முழுமதி போயா ஒரு சனிக்கிழமை என்றால், மீண்டும் சனிக்கிழமையிலேயே வர எத்தனை நாள் ஆகும்? இது அடுக்கல். ஒரு பக்கம் 7 நாள் வாரம், மறுபக்கம் 59 நாள் கொண்ட இரட்டை மாதம். 59 முதன்மை எண், 7உம் முதன்மை எண், பொதுவாக எதுவுமில்லை, ஆகவே பொ.ம.சி. அவற்றின் பெருக்கமேதான், 413. சரிபார்க்க 7 இன் விதியைப் போடலாம்: கடைசி இலக்கமான 3ஐ இரட்டித்து 41இலிருந்து கழித்தால் 35, 7 ஆல் வகுபடுகிறது. 413 நாள் என்பது 14 சந்திர மாதங்கள், 59 வாரங்கள். அதற்கு முன்னரும் மாத நீளத்தின் ஏற்ற இறக்கத்தால் ஓரிரு முழுமதிகள் சனியில் விழலாம். 413 என்பது 29½ஐச் சரியான அளவு என்று ஏற்றுக்கொண்ட கணக்கின் விடை.

இப்போது நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 2024ஆம் ஆண்டின் எசல முழுமதி போயா ஜூலை 20, சனிக்கிழமை. அதிலிருந்து 413 நாட்களை எண்ணினால் 2025 செப்டெம்பர் 6, சனிக்கிழமை வருகிறது. ஆனால் அந்த ஆண்டின் பினர போயா 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் பிசகு. பொ.ம.சி.யில் பிழையில்லை. சந்திர மாதம் சராசரியாக 29.53 நாள், நாம் 29.5 என்று வெட்டிக்கொண்டோம். விட்டுவிட்ட அந்தத் துளி 14 மாதத்தில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் திரண்டு, போயாவை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டது. இதை ஆறாம் தரப் பிள்ளைகளின் கையில் பழைய நாட்காட்டிகள் இரண்டோடு கொடுத்து, எந்தப் போயாவுக்கு 413 பலிக்கிறது, எதற்கு 414 தேவைப்படுகிறது என்று எண்ணிவரச் சொல்லுங்கள்.